பவர் பேங்க் பாதியில் அணைகிறது: செல்லா, போர்டா?

மூன்று வருடப் பழைய 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், உள்ளே இரண்டு லித்தியம் பாலிமர் செல்கள் இணையாக. இருப்பது மதுரை. இந்தக் கோடையிலிருந்து, போனைச் செருகினால் இரண்டு விளக்கு எரியும்போதே பட்டென்று அணைகிறது. இயர்பட்ஸுக்கு மட்டும் சமர்த்தாக சார்ஜ் ஏற்றுகிறது.

முதலில் கேபிளைப் பார்த்தேன். 2 ஆம்பியர் ஓடும்போது பழைய கேபிளின் போன் முனையில் 4.5 வோல்ட், குட்டையான தடித்த கேபிளில் 4.9. சார்ஜ் வேகம் கூடியது, அணைவது நிற்கவில்லை.

அப்புறம் மூடியைத் திறந்தேன். செல் உப்பவில்லை. சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட், போன் செருகியதும் 3.3-க்கு இறங்கி அணைகிறது. செல் தேய்ந்து உள்தடை ஏறியிருக்கலாம். ஆனால் பாதுகாப்பு சர்க்யூட் வழக்கமாக 3 வோல்ட்டுக்குக் கீழேதானே வெட்டும்? என் மல்டிமீட்டர் மெதுவானது, நொடிப்பொழுது சரிவைக் காட்டாது.

செல்லை மாற்றும் முன், குறை போர்டில் இல்லை என்று உறுதிசெய்ய எங்கே, எதை அளக்க வேண்டும்?