கலைச்சொல் விவாதம்: இரவுப் பணியில் இடம் மாறும் நாடி அளவுக்கு என்ன பெயர்?

அருள்:
அனைவருக்கும் வணக்கம். சுழற்சி முறையில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்காகக் கையேடு ஒன்று தயாராகிறது. ஒருவரின் நாடி ஓய்வில் வழக்கமாக எவ்வளவு என்று சில வாரங்கள் அளந்து குறித்துக்கொண்டு, பிறகு வரும் நாட்களை அதனோடு ஒப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் பேஸ்லைன் என்கிறார்கள். ‘அடிக்கோடு’ என்றால் எழுத்தின் கீழே போடும் கோடுதான் நினைவுக்கு வரும். இப்போதைக்கு ‘அடிப்படை நாடித்துடிப்பு’ என்று எழுதியிருக்கிறோம். இரவுப் பணி வாரத்தில் அது இடம் மாறுகிறதே, அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

சுந்தரம்:
‘அடிப்படை நாடித்துடிப்பு’ போதும், மாற்ற வேண்டாம். இடமாற்றத்துக்குத் ‘தற்காலிக நாடி உயர்வு’ என்று வைக்கலாம். இரவில் கண்விழித்தால் உடல் அலுத்துப்போய் நாடி ஏறுகிறது. இரண்டு வாரத்தில் உடல் பழகியதும் இறங்கிவிடுகிறது. ‘தற்காலிக’ என்ற சொல் அதைச் சரியாகக் காட்டும்.

வேதவல்லி:
சுந்தரம் ஐயா, நாடி ஏறுகிறது என்பது சரி. ஆனால் காரணம் அலுப்பு மட்டும் அன்று, பழகிவிடும் என்பதும் பெரும்பாலோருக்கு நடப்பதில்லை.

ஒருவரை நாள் முழுதும் அசையாமல் படுக்க வைத்து, ஒரே அளவு வெளிச்சத்தில், சிறிது சிறிதாக உணவு கொடுத்து விழித்திருக்கச் செய்தாலும் அவர் நாடி ஒரே அளவில் நிற்காது. உடலின் உள்கடிகாரமே இரவில் அதை இறக்கிப் பகலில் ஏற்றுகிறது. தூக்கம் அதை மேலும் இறக்கும். இரவில் தூங்குகிறவருக்கு இந்த இரண்டு இறக்கமும் ஒன்றாகச் சேர்வதால், விடியலுக்குச் சற்று முன்பு மிகக் குறைந்த அளவு கிடைக்கிறது. இரவு வேலை முடித்துக் காலை 9:30-க்குப் படுப்பவருக்குத் தூக்கம் இறக்கப் பார்க்கும் நேரத்தில் கடிகாரம் ஏற்றிக்கொண்டிருக்கும். அதோடு பகல் தூக்கம் நீளம் குறைவு. வீடு வந்ததும் சாப்பிட்ட இட்லி செரிக்கும்வரையும், வேலை நேரத்துக் கடைசிக் காப்பியின் வேகம் தணியும்வரையும் நாடி இறங்காது. மே மாதத்து அறைச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

உள்கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் நகரும். வீடு திரும்பும்போது முகத்தில் படும் காலை வெயில் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். விடுமுறை நாளில் இரவில் தூங்கினால் நகர்ந்த கொஞ்சமும் போய்விடும். வடகடல் எண்ணெய் மேடைகளில் இரண்டு வாரம் தொடர்ந்து இரவு வேலை செய்பவர்களிடம் கடிகாரம் முழுமையாக நகர்வது உண்டு. ஊருக்குள் வாழ்பவருக்கு அந்தச் சூழல் அமைவதில்லை. ஆகவே ‘உயர்வு’ என்று பெயரிட்டால் நோயால் வரும் ஏற்றத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவோம்.

செல்வராணி:
வேதவல்லி அம்மா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் கணினி நிறுவனத்தில் இரவு வேலை. கைக்கடிகாரம் ‘உங்கள் நாடி வழக்கத்தைவிட 6 கூடுதல்’ என்று அடிக்கடி எச்சரிக்கிறது. உட்கார்ந்து எண்ணினால் 74 வருகிறது. நாடியைக் குறைக்க உணவு ஏதாவது உண்டா?

வேதவல்லி:
அம்மா, உட்கார்ந்து எண்ணிய 74 இயல்பான அளவுதான், அதைக் குறைக்க உணவு எதுவும் தேவையில்லை. கைக்கடிகாரம் சொல்லும் 6 எதிலிருந்து கூடியது என்பதுதான் கேள்வி. பகலில் தூங்கிய நாளை இரவில் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் அப்படித்தான் காட்டும். விடுமுறையில் இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கியபின் எச்சரிக்கை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிற்காவிட்டாலோ, படபடப்பு, மூச்சிரைப்பு, எடை குறைதல் இருந்தாலோ, ஓய்வில் 100-க்கு மேல் தொடர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தச்சோகையும் தைராய்டும் முதலில் பார்ப்பார்கள்.

அருள், கையேட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். தூக்கத்தில் வரும் குறைந்த நாடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு செவிலியருக்குக் காலைப் பணி வாரத்தில் 57, மாலைப் பணியில் 57, இரவுப் பணியில் 62. மூன்று வாரத்தையும் ஒன்றாகக் கலந்தால் சராசரி ஏறக்குறைய 59 வரும். அந்த 59 அவர் எந்த வாரத்திலும் இருந்த அளவு அன்று.

இரவு வாரத்தில் அவருக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே 59-ஐவிட 3 கூடுதல் என்று கருவி தினமும் சொல்லும். நாலு நாளில் அவர் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். காலை வாரத்தில் காய்ச்சல் தொடங்கி நாடி 61 ஆனால், 59-ஐவிட 2 தானே கூடியிருக்கிறது என்று அது நழுவிப்போகும். அவருடைய 57-ஓடு ஒப்பிட்டிருந்தால் 4 கூடியது தெரிந்திருக்கும். இரண்டாவது தவறுதான் எனக்குக் கவலை. அதனால் ஒவ்வொரு பணிமுறைக்கும் தனி அளவு வைக்க வேண்டும். முறை மாறும் முதல் இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீதி நாட்களுக்குச் சராசரியை விட, அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடு எண் நல்லது, ஒரு கெட்ட இரவு அதைக் கெடுக்காது.

இதற்கெல்லாம் அடிப்படை ஒப்பீடுதான். ‘ஒப்புநாடி’ என்று வைக்கலாமா? காலை ஒப்புநாடி, இரவு ஒப்புநாடி என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

சுந்தரம்:
கணக்கை ஏற்கிறேன். ‘அடிப்படை’ என்றால் ஒன்றே ஒன்று, அசையாதது என்ற எண்ணம் வந்துவிடும், அதையும் ஏற்கிறேன். ஆனால் ‘ஒப்புக்குச் செய்தான்’ என்று பேச்சில் சொல்வதால் ‘ஒப்பு’ இலேசாக ஒலிக்கிறது. ‘நாடி’ என்றதும் பலருக்கு வாதம், பித்தம், கபம் பார்க்கும் சித்த மருத்துவ நாடியும் நினைவுக்கு வரும். ‘ஒப்புத்துடிப்பு’ எப்படி?

வேதவல்லி:
நாடியை விட வேண்டாம் ஐயா. மணிக்கட்டுக் கருவி ஒளியைப் பாய்ச்சி இரத்தக் குழாயின் அலையைத்தான் எண்ணுகிறது. இதயம் ஒழுங்கின்றித் துடிப்பவர்களுக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதில்லை. அங்கே இதயத் துடிப்பு வேறு, நாடி வேறு. ‘துடிப்பு’ என்றால் எதை எண்ணினோம் என்பது மறைந்துவிடும்.

இடமாற்றத்துக்கு இரண்டு சொல் தேவை என்று நினைக்கிறேன். தூங்கும் நேரம் மாறியதால் வருவது ‘ஒப்புநாடி நகர்வு’. விடுமுறைத் தூக்கத்தில் அது திரும்பிவிடும். காலை ஒப்புநாடியே மாதக்கணக்கில் 57, 59, 61 என்று போனால் அது ‘ஒப்புநாடி ஏற்றம்’. எடை, உடற்பயிற்சி நின்றது, தீராத தூக்கக் கடன், நோய் ஆகியவற்றை அங்கே தேட வேண்டும்.

அருள்:
‘ஒப்புநாடி’, ‘நகர்வு’, ‘ஏற்றம்’ மூன்றையும் வரைவில் சேர்க்கிறேன். ஒரு சிக்கல். சில இடங்களில் இரண்டு காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு என்று வேகமாகச் சுழல்கிறது. முதல் இரண்டு நாளைத் தள்ளினால் மிச்சமே இருக்காதே?

வேதவல்லி:
அங்கே தள்ள வேண்டாம். இரண்டு இரவில் கடிகாரம் பெரிதாக நகராது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். பல சுற்றுகளின் இரவு நாட்களைச் சேர்த்துப் பத்து அளவு ஆனதும் நடு எண் எடுக்கலாம். மாலைப் பணி முடிந்து மறுநாள் காலைப் பணிக்கே ஓட வேண்டிய தலைகீழ்ச் சுழற்சியில் இடையே தூக்கம் மிகக் குறைவு, அந்த நாளை மட்டும் விட்டுவிடுங்கள்.

சுந்தரம்:
‘ஒப்பு’ பற்றிய தயக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. ‘சார்பு நாடி’ என்பதையும் பட்டியலில் வையுங்கள். வரைவைப் படிக்கப்போகும் செவிலியர்கள் எதை வாயில் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.