ஷார்ட்ஸ் ரிடென்ஷன் கிராஃப் 33வது செகண்ட்ல தொபுக்கடீர்னு விழுது, எவ்ளோ நீளத்துக்கு வெக்கறது? உதவி வேணுங்க

தட்டுவடை தம்பி (சேலம்)

வணக்கம்ங்க. அம்மாபேட்டை பக்கம் ஒரு அக்கா தள்ளுவண்டியில தட்டுவடை செட் போடுவாங்க, அதை 48 செகண்ட் ஷார்ட்ஸா போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு யூடியூப் ஸ்டுடியோவுல ரிடென்ஷன் கிராஃப், அதான் எந்த செகண்ட்ல எத்தனை சதவீதம் பேர் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு காட்டுற கோடு, வந்துச்சு, அதைப் பாத்து தலையும் புரியல வாலும் புரியல. விரல வெச்சு நகத்திப் பாத்து எழுதி வெச்சது இது:

3வது செகண்ட்ல 71%, 9ல 64%, 15ல 49%. அப்புறம் கோடு ஏறக்குறைய படுத்துக்கிட்டே போகுது, நடுவுல 22ல மட்டும் ஒரு சின்ன மேடு 53%. 33 வரைக்கும் 46% இருக்காங்க, 36க்குள்ள 28% ஆயிடுது, கடைசியில 17%. சராசரியா ஒருத்தர் பாக்குறது 22 செகண்ட், அதாவது 46%.

ஃப்ரெண்ட் ஒருத்தன் "22 செகண்ட்தான பாக்குறாங்க, அப்ப வீடியோவையே 22 செகண்ட் ஆக்கிடு"ங்கறான். ஆனா அக்கா தட்டுவடைய எடுத்து கடிக்கிறதே 30வது செகண்ட்லதான் வருது, அதை வெட்டிட்டா அப்புறம் என்னத்த பாக்குறது? எந்த இடத்துல வெட்டணும், எவ்ளோ நீளம் வெக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏற்காடு மூடுபனி

ப்ரோ சிம்பிள், சின்னதா போடுங்க. நான் ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல பனி ஏறி வர்றத 9 செகண்ட்ல போட்டேன், சராசரி 118%! நூறுக்கு மேல! 15 செகண்டுக்கு மேல எவனும் பாக்க மாட்டான், இதுதான் ரூல்.

ஆனா அதே நான் இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டி முன்னாடி கேமரா மாட்டி 55 செகண்ட் போட்டேன், அது படுத்துருச்சு. அதுல உங்களது மாதிரி எங்கயும் தொபுக்கடீர் இல்ல, சரிவா இறங்கிக்கிட்டே போகுது, மலை ரோடு மாதிரியே. எதை வெட்றதுன்னே தெரியல.

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

தம்பி, உங்க ஃப்ரெண்ட் சொன்னது தப்பு. சராசரி 22ன்னா எல்லாரும் 22ல போறாங்கன்னு அர்த்தம் இல்ல. கொஞ்ச பேர் ரெண்டே செகண்ட்ல போயிட்டாங்க, கொஞ்ச பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க, ரெண்டையும் கூட்டி வகுத்தா 22 வருது, அவ்ளோதான். உங்க கிராஃப்ல 22வது செகண்ட்ல போறவங்களே இல்லயே, அங்க மேடுதான இருக்கு!

மூடுபனி, உங்க 118% வீடியோ சின்னதா இருந்ததால மட்டும் வந்தது இல்ல, அது லூப் ஆகுது. பனி ஏறி முடியற ஃப்ரேமும் ஆரம்ப ஃப்ரேமும் ஒட்டிக்கிட்டதால ஜனங்க முடிஞ்சது தெரியாம ரெண்டாவது ரவுண்டு பாத்திருப்பாங்க, அதுவும் கணக்குல சேரும். சமையல் மாதிரி ஒரு முடிவு இருக்குற வீடியோவுல அது வராது, ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

இப்ப தம்பியோட கிராஃப். நான் எப்பவும் பண்றது இதுதான்: ஒரு பேப்பர்ல செகண்ட் வாரியா வீடியோவுல என்ன நடக்குதுன்னு எழுதிக்குவேன், பக்கத்துல கிராஃப் நம்பர எழுதுவேன். ஜனங்க ஒண்ணு பிடிக்கலன்னா அந்த நொடியே தள்ள மாட்டாங்க, ஒண்ணு ரெண்டு செகண்ட் பொறுத்துட்டு தள்ளுவாங்க, அதனால கோடு விழற இடத்துல இல்லாம அதுக்குக் கொஞ்சம் முன்னாடி காரணத்த தேடணும். 7ல இருந்து 15 வரைக்கும் என்ன இருக்கு, 22ல என்ன இருக்கு, 31ல இருந்து என்ன இருக்கு? சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

சூரமங்கலம் சுந்து

எனக்கும் இதே பிரச்சனைதான், என் 14 நிமிஷ வீடியோவுல 40%தான் வருது, சப்ஸ்க்ரைபரும் ஏறல, என்ன பண்ணலாம்?

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

சுந்து அண்ணா, அது பெரிய வீடியோ, அங்க ஆளு தேடி வந்து க்ளிக் பண்ணி உட்கார்றான், இங்க விரல்ல வந்து மாட்றான். ரெண்டு கிராஃபும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், படிக்கிற விதம் வேற. தனியா ஒரு இழை போடுங்க.

தட்டுவடை தம்பி (சேலம்)

எடிட்டர் அக்கா, எழுதிப் பாத்தேன். முதல் 3 செகண்ட் தட்டுவடைய அடுக்குற க்ளோஸ் ஷாட். 4ல இருந்து அக்கா பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவல அள்ளுறது. 8ல இருந்து 14 வரைக்கும் நான் கேமராவப் பாத்து "இந்த அக்கா எத்தனை வருஷமா கடை போடுறாங்க தெரியுமா"ன்னு பேசறேன். அப்புறம் பச்சை சட்னி, சிவப்பு சட்னி, மேல துருவல், இன்னொரு தட்டுவடைய வெச்சு மூடுறது. 22ல விலை போர்டு ஒரே செகண்ட் வந்து போகும். 30ல கடிக்கிற கறமுற சத்தம். 32ல "சரி நண்பர்களே வீடியோ பிடிச்சிருந்தா"ன்னு ஆரம்பிச்சு 48 வரைக்கும் நான்தான்.

படிச்சுப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு.

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

வெக்கப்படாதீங்க, எல்லாரும் பண்றதுதான். இப்ப கணக்க பாருங்க. சதவீதத்த நேரா கழிக்காம, அந்த நேரத்துல இருந்தவங்கள்ல எத்தனை பங்கு போனாங்கன்னு பாருங்க. 9ல 64 பேர் இருந்து 15ல 49, அதாவது இருந்தவங்கள்ல நாலுல ஒரு பங்குக்கு கிட்ட ஆறே செகண்ட்ல போயிட்டாங்க, அது நீங்க பேசுன இடம். 33ல 46 பேர் இருந்து மூணே செகண்ட்ல 28, பத்துல நாலு பேர் காலி, அது "சரி நண்பர்களே". ஆனா 15ல இருந்து 30 வரைக்கும், சட்னி போட்டு மூடி கடிக்கிற வரைக்கும், 49ல இருந்து 46க்குதான் இறங்கியிருக்கு. அங்க உட்கார்ந்தவன் எந்திரிக்கவே இல்ல. அந்த 15 செகண்ட வேகமாக்கறேன்னு வெட்டிடாதீங்க, அங்க நிதானம்தான் வேலை செய்யுது.

முதல் 3 செகண்ட்ல 29 பேர் போனதுக்கு ரொம்ப கவலைப்பட வேணாம், ஷார்ட்ஸ்ல அது எல்லாருக்கும் விழும். அதுக்கு Viewed vs swiped away-ன்னு, நின்னு பாத்தவங்க எத்தனை பங்கு, தள்ளிட்டுப் போனவங்க எத்தனை பங்குன்னு காட்டுற தனி நம்பர் இருக்கு, முதல் ஃப்ரேம மாத்தினா அது மாறுதான்னு தனியா பாருங்க, நீளத்தோட போட்டு குழப்பாதீங்க.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் ஏமாறுவாங்க. நீங்க வேற எதையும் மாத்தாம 33க்கு அப்புறம் மட்டும் வெட்டுனா சராசரி 46%ல இருந்து 56% பக்கம் தானா ஏறிடும், ஏன்னா வால் போச்சு, வகுக்குற எண்ணு சின்னதாச்சு. செகண்ட் கணக்குல 22ல இருந்து 18, 19க்கு இறங்கும். ஒருத்தரும் கூடுதலா பாக்கல, ஆனா பர்சன்ட் மட்டும் அழகாயிருச்சு. அதனால அந்த பர்சன்ட்ட வெச்சு சந்தோஷப்படாதீங்க. கடிக்கிற செகண்டுக்கு எத்தனை பேர் வந்து சேந்தாங்கங்கறது மட்டும் பாருங்க, இப்ப அது 46.

ஏற்காடு மூடுபனி

அப்ப என் கொண்டை ஊசி வீடியோ?

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

சரிவா இறங்குதுன்னா ஒரு இடம் கெட்டுப் போகல, மொத்தமும் ஒரே மாதிரி இருக்குன்னு அர்த்தம். மூணாவது வளைவும் பதினாறாவது வளைவும் பாக்குறவனுக்கு ஒண்ணுதான். ஸ்க்ரீன்ல 1/20, 2/20ன்னு நம்பர் ஓட விட்டு, நாலஞ்சு வளைவ மட்டும் முழுசா காட்டி மத்தத தாவி, கடைசியில மேல இருந்து ஊரு தெரியற ஷாட் வெச்சு பாருங்க. முடிவுன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாதான் காத்திருப்பான்.

அன்னதானப்பட்டி கேமராமேன்

22ல இருக்குற மேட்ட யாருமே பேசலயே. மேடுன்னா ஜனங்களுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, திருப்பித் திருப்பி பாக்குறாங்க. அதனால விலை போர்ட முதல்ல தூக்கி வெய்ங்க தம்பி.

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

அண்ணா, பாதி சரி. திருப்பிப் பாத்தாங்கங்கறது சரி, பிடிச்சதாலயா படிக்க முடியாததாலயாங்கறது கிராஃப்ல தெரியாது. ஒரே செகண்ட்ல போர்ட நானும் படிச்சிருக்க மாட்டேன். அதே இடத்துல சிவப்பு சட்னியும் விழுதே, அதுக்காகவும் இருக்கலாம். போர்ட ரெண்டரை செகண்ட் நிறுத்திப் பாருங்க தம்பி, மேடு மறைஞ்சா அது படிக்க திரும்புனதுதான்.

தட்டுவடை தம்பி (சேலம்)

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். போட்ட வீடியோவ அதே லிங்க்ல மாத்த முடியாதுல்ல, அதனால அதே கடையில நொறுக்கல் போடுறத புதுசா எடுத்தேன். 29 செகண்ட். என் மூஞ்சியே இல்ல, கடை கதைய சட்னி போடும்போது பின்னாடி குரலா ரெண்டு வரி விட்டேன். 24ல கடி, அப்புறம் அக்கா சிரிக்கிறது, கட்.

3வது செகண்ட்ல 72%, கடிக்கும்போது 61%, கடைசியில 50%. சராசரி 19 செகண்ட், 66%. விலை போர்ட ரெண்டரை செகண்ட் வெச்சேன், மேடு இல்ல!

ஆனா Viewed vs swiped away துளி கூட அசையல. இன்னொண்ணு, பழைய வீடியோவ விட கமெண்ட் பாதிதான் வந்திருக்கு. முன்னாடி "அக்கா கடை எங்க இருக்கு"ன்னு நிறைய பேர் கேட்டாங்க.

அன்னதானப்பட்டி கேமராமேன்

பாத்தீங்களா, நீங்க பேசுனதுனாலதான் ஆளுங்க கேட்டாங்க. கிராஃப் அழகானதுக்கு கமெண்ட்ட வித்துட்டீங்க. 22 செகண்ட் பாத்தவன் இப்ப 19தான் பாக்குறான், இதுவா முன்னேற்றம்?

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

29 செகண்ட் வீடியோவுல 22 செகண்ட் சராசரி வரணும்னா முக்கால்வாசிக்கு மேல பாக்கணும் அண்ணா. கடிக்கு வந்து சேந்தவங்க 46ல இருந்து 61 ஆகியிருக்காங்க, நான் அத எடுத்துக்குவேன். கமெண்ட் விஷயத்துல நீங்க சொல்றத என்னால மறுக்க முடியல, கிராஃப்ல அது வராது. தட்டுவடையும் நொறுக்கலும் வேற வேற, ஒரு வீடியோவ வெச்சு முடிவு பண்ண மாட்டேன்.

தம்பி, view எண்ணிக்கைய வெச்சும் ரெண்ட ஒப்பிடாதீங்க. 2025 மார்ச் 31ல இருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு view, திரும்ப ஓடுனாலும் இன்னொண்ணு. உடனே தள்ளாம பாத்தத மட்டும் எண்ணுறது Engaged views-ன்னு தனியா இருக்கும், அதைப் பாருங்க.

அடுத்தது முதல் ஃப்ரேம மட்டும் மாத்துங்க, நீளத்த 29லயே வெய்ங்க. அடுக்குறதுக்கு பதிலா அந்தக் கறமுறய முதல் செகண்ட்ல வெச்சுப் பாருங்க.

ஏற்காடு மூடுபனி

கறமுறய முன்னாடியே காட்டிட்டா அப்புறம் 24 வரைக்கும் எவன் இருப்பான்?

பேர்லண்ட்ஸ் எடிட்டர்

அதான் எனக்கும் சந்தேகம். போட்டா தெரியும்.

தட்டுவடை தம்பி (சேலம்)

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைக்கு போறேன், அக்காகிட்ட சொல்லிட்டேன். கமெண்ட்டுக்காக "கடை எங்க"ன்னு வேணும்னே சொல்லாம விட்டுப் பாக்கட்டுமா, இல்ல அது திருட்டுத்தனமா?