முடிந்த நிமிடத்துக்கு 900 ரூபாய், ஆட்டோவில் ஓடினால் எவ்வளவு?

காட்பாடி குரல்

வாய்ஸ் ஓவர் செய்கிறவர்கள், ‘எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்வோம்’ என்று கேட்கிற கிளையண்டிடம் எவ்வளவு கூட்டி வாங்குகிறீர்கள்? எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை பக்கம் வீட்டு மனை விற்கிற ஒரு நிறுவனம். ஆபீஸ் டிவியிலும் தங்கள் யூடியூப் பக்கத்திலும் போட ஒரு விளக்கப் படம் எடுத்தார்கள். முடிந்த நிமிடத்துக்கு 900 ரூபாய் என்று பேசினேன். தடுமாறியது, இரண்டாம் தடவை படித்தது, காட்பாடி ரயில் ஹாரன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகு கையில் மிஞ்சுகிற ஒலிக்குத்தான் கணக்கு. அதற்கு நான் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்பது என் பாடு. ஃபைல் 4 நிமிடம் 20 வினாடி வந்தது. 3,900 ரூபாய். பில்லிலேயே ‘சொந்த அலுவலகத் திரை, சொந்த யூடியூப் பக்கம், கட்டண விளம்பரம் சேராது’ என்று எழுதியிருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் போன். “சார், உங்க வாய்ஸ்ல அரை நிமிஷம் கட் பண்ணி லோக்கல் கேபிள், தியேட்டர் இண்டர்வெல், அப்புறம் ஆட்டோ மைக் மூணுலயும் போடறோம். அரை நிமிஷத்துக்கு 450 அனுப்பிடறேன்.”

இது என்ன கணக்கு? அந்த அரை நிமிடத்தைப் படித்த கூலியை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது அவர்கள் கேட்பது படிக்கிற வேலை இல்லை, அதே குரலைக் காசு கொடுத்து ஊருக்கெல்லாம் ஒலிக்க விடுகிற உரிமை. அதை வினாடியால் அளக்க முடியாது. முதல் பில் தொகையை வைத்துக் கணக்குப் போட்டேன். கேபிளுக்கு அதில் பாதி, தியேட்டருக்குப் பாதி, ஆட்டோவுக்குக் கால். 1,950, 1,950, 975. மொத்தம் 4,875, ஆறு மாதத்துக்கு. “எல்லா மீடியாவும், எப்பவும்னு எழுதிக் குடுங்களேன்” என்றார். அதற்கு முதல் பில்லில் மூன்று மடங்கு, 11,700 என்றேன். உடனே அவரே “ஆறு மாசம் போதும் சார், அதுக்கப்புறம் மனையே இருக்காது” என்று இறங்கி வந்தார். பேரம் பேசி 4,500-க்கு முடிந்தது.

மற்றவர்கள் எப்படிப் போடுகிறீர்கள்?

ஆரணி பட்டு

இதில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். கடை விளம்பரத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் போய் நானே பேசினேன். ஒரு நிமிட விளம்பரம். பில்லில் இரண்டு மணி நேரம் என்று போட்டு வாங்கிவிட்டார்கள். நிமிடத்துக்கு 900 என்றால் எனக்கு 900 தானே வந்திருக்க வேண்டும்?

காட்பாடி குரல்

அண்ணா, அது ஸ்டுடியோ வாடகை. மைக்கும் அறையும் எவ்வளவு நேரம் உங்கள் கையில் இருந்ததோ அந்தக் கணக்கு. பேசியது நீங்கள், அதனால் குரலுக்கு யாரும் காசு கேட்கவில்லை. நான் சொல்வது வேறு.

ஆரணி பட்டு

அப்படியென்றால் என் குரலுக்கு நானே பில் போட வேண்டியதுதான். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

சத்துவாச்சாரி எடிட்டர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிற ஆள், அதனால் எங்கள் கஷ்டத்தையும் சொல்கிறேன். கடைக்காரர் முதலில் ஒரு படம் என்பார். முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் ‘இதை இன்ஸ்டாவில் பூஸ்ட் போடு’ என்று வரும், அடுத்த வாரம் லோக்கல் சேனல். ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துப் பேச முடியாது. அதனால்தான் முதலிலேயே ‘எல்லா மீடியா’ என்று கேட்கிறோம். ஏமாற்ற இல்லை.

ஆனால் நாங்கள் செய்கிற ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில். குரல் ஃபைலை 1.15 வேகத்துக்கு ஏற்றி, இடைவெளிகளைச் சுருக்கிப் படத்தில் ஒட்டிவிட்டு, ‘படத்தில் உங்கள் குரல் மூன்றரை நிமிடம்தான்’ என்று பில்லைக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

காட்பாடி குரல்

அது எனக்கும் நடந்திருக்கிறது. எதிர்ப் பக்கமும் உண்டு. அந்த மனைப் படம் ட்ரோன் காட்சியும் பாட்டும் சேர்ந்து ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியது. படத்தின் நீளத்துக்குப் பில் போட்டால் எனக்கு லாபம், ஆனால் நியாயமில்லை. அதனால் நான் அனுப்புகிற ஒலி ஃபைலின் நீளம்தான் அளவு என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் அவர்கள் இழுத்தாலும் சுருக்கினாலும் தொகை மாறாது. வாக்கியங்களுக்கு நடுவே நானும் இரண்டு வினாடிக்கு மேல் மௌனம் விடுவதில்லை. விட்டால் அது என் பக்கத்துத் திருட்டு.

ஸ்கிரிப்ட்டில் எண்கள் இருந்தால் கவனியுங்கள். ‘ரூ. 12,75,000’ என்பது பேப்பரில் ஒரே சொல். வாயில் ‘பன்னிரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய்’. மனை விளம்பரத்தில் இப்படிப் பத்து வரும். சொற்களை எண்ணி ‘மூன்று நிமிடம்தான் வரும்’ என்று கிளையண்ட் சொல்வதை நம்பி மொத்தத் தொகை பேசாதீர்கள். ஒரு பக்கத்தைப் படித்து கடிகாரம் பாருங்கள்.

தோட்டப்பாளையம் பெரியவர்

தம்பி, கணக்கு அழகாக வந்திருக்கிறது. ஆனால் முறை சரியில்லை. உங்கள் படம் 4 நிமிடம் 20 வினாடி இருந்ததால் பாதி என்பது 1,950 ஆயிற்று. அதே கிளையண்ட் ஒரு நிமிடப் படம் கேட்டிருந்தால்? கேபிளுக்கு 450, ஆட்டோவுக்கு 225. ஊரெல்லாம் ஓடுவது அதே அரை நிமிடம்தான், உரிமையின் விலை மட்டும் எதற்கு நான்கு மடங்கு குறைய வேண்டும்?

மறுபக்கமும் பாருங்கள். ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு அறுபது நிமிடப் பாடம் படித்தேன். 900 என்று வைத்தால் 54,000. அதில் இருபது வினாடியை இணைய விளம்பரத்துக்கு எடுக்கக் கேட்டார்கள். உங்கள் முறைப்படி 27,000. கேட்டால் ஓடிப் போவார்கள், போக வேண்டியதுதான்.

முடிந்த நிமிடம் என்கிற அளவு பாடம், விளக்கப் படம் மாதிரி நீளமான வேலைக்கு வந்தது. விளம்பரம் என்று வந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது. நான் விளம்பரத்துக்கு ஒரு தனித் தொகை வைத்திருக்கிறேன். பத்து வினாடியோ ஒரு நிமிடமோ, 4,000. அதில் ஒரு மீடியா, ஒரு வட்டாரம், ஆறு மாதம் அடக்கம். மீடியா ஒன்று கூடினால் 2,000. தமிழ்நாடு முழுதும் என்றால் இரண்டு மடங்கு. பழைய படத்திலிருந்து வெட்டி எடுத்தாலும் இதே தொகைதான், புதிதாகப் படிக்கிற சிரமம் இல்லை என்பதற்காகக் கொஞ்சம் குறைப்பேன்.

காட்பாடி குரல்

உங்கள் கணக்குப்படி என் வேலைக்கு 8,000 வருகிறது ஐயா. ஆட்டோவுக்கு 2,000 யார் தருவார்கள்?

தோட்டப்பாளையம் பெரியவர்

தரமாட்டார்கள். ஆட்டோவைப் பேரத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வைத்திருக்கிறேன்.

குடியாத்தம் மைக்செட்

சும்மா பயப்படுகிறீர்கள். பில்லில் எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் காலம் முழுக்க அவர்களுக்குத்தான். சட்டமே அப்படித்தான். அதனால் எழுதினால் போதும், எழுதாவிட்டால் போச்சு.

ராணிப்பேட்டை குமாஸ்தா

எழுத வேண்டும் என்பது சரி, காலம் முழுக்க என்பது சரியில்லை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை மாற்றிக் கொடுக்கிற பத்திரத்தில் காலம் சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். இடம் சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இந்தப் பிரிவு உங்களைப் போன்ற நிகழ்த்துவோரின் உரிமைக்கும் பொருந்தும் என்று 39ஏ சொல்கிறது. ஆக பத்திரத்தில் காலமும் இடமும் எழுதாமல் விட்டாலும் வெளிநாட்டுக்கும் ஆயுசுக்கும் போகாது. ஆனால் ஐந்து வருடம், இந்தியா முழுவதும் என்பதே ஆட்டோ விளம்பரத்துக்கு எவ்வளவு பெரிசு என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதே படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று 38ஏ சொல்கிறது. படத்திலிருந்து ஒலியை மட்டும் உருவி ஆட்டோவில் போட்டால் அது ‘அதே படம்’ ஆகுமா? ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வக்கீல் அப்படி அடித்துச் சொல்லமாட்டேன் என்கிறார்.

குடியாத்தம் மைக்செட்

சரி, ஐந்து வருடம். ஒரு மைக்செட்காரனாக நான் சொல்கிறேன், ஐந்து வருடம் எந்த விளம்பரமும் ஓடாது. பென் டிரைவே அவ்வளவு நாள் வராது.

சத்துவாச்சாரி எடிட்டர்

இடம் எழுதுவதில் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு குரல்காரர் பில்லில் ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதினார். படம் ஆம்பூரிலும் அரக்கோணத்திலும் ஓடியது. அவர் சண்டைக்கு வர, கிளையண்ட் “இன்னா சார், ஆம்பூர் எப்பவும் வேலூர் மாவட்டம்தானே” என்கிறார். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது பில்லுக்குத் தெரியும், கடைக்காரர் வாய்க்குத் தெரியாது. இன்னும் வட ஆற்காடு என்று சொல்கிறவர்களே இருக்கிறார்கள், அப்படி எழுதினால் திருவண்ணாமலை வரை போகும். நான் இப்போது மாவட்டப் பெயரை விட்டுவிட்டு, எந்தக் கேபிள் ஆபரேட்டர், எந்தெந்த ஊர்த் தியேட்டர் என்றே எழுதச் சொல்கிறேன்.

காட்பாடி குரல்

நல்ல யோசனை. நான் ‘வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள்’ என்று எழுதியிருந்தேன், அதனால் தப்பித்தேன். யூடியூப் கட்டண விளம்பரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? அங்கே ஊரைத் தேர்வு செய்து ஓட்ட முடியும், ஆனால் அப்படித்தான் ஓட்டினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

சத்துவாச்சாரி எடிட்டர்

விளம்பரக் கணக்கின் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். கேட்டால் அனுப்புவோம், யாரும் கேட்பதில்லை. கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டும் தேடலாம், எந்த விளம்பரம் ஓடுகிறது என்று தெரியும்.

தோட்டப்பாளையம் பெரியவர்

ஆறு மாதம் முடிந்த மறுநாள் நான் ஒரு மெசேஜ் போடுவேன். ‘காலம் முடிந்தது, தொடர வேண்டுமா? தொடர்ந்தால் முன்பு கொடுத்ததில் பாதி.’ பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள், மீதிப் பேர் பணம் அனுப்புவார்கள். அந்தப் பாதிப் பேரில் யார் இன்னும் ஓட்டுகிறார்கள் என்பது ஊர்க்காரர்கள் போன் பண்ணினால்தான் தெரியும்.

ஆரணி பட்டு

எனக்கு ஒரு சந்தேகம். என் விளம்பரத்தில் பின்னால் ஒரு பெண் குரல் ‘வாருங்கள், வாருங்கள்’ என்று இரண்டு சொல் சொல்லும். அது மூன்றாவது வருடமாக ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கு 500 ரூபாய்தான் கொடுத்தோம், ஒன்றும் எழுதவில்லை. நான் அவருக்கு இன்னும் தர வேண்டுமா?

தோட்டப்பாளையம் பெரியவர்

சட்டப்படி குமாஸ்தாதான் சொல்ல வேண்டும். ஆடிக்கு ஒரு புடவை கொடுத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை குமாஸ்தா

எழுத்தே இல்லாதபோது எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்பதே கேள்வியாகிவிடும். புடவையோடு ஒரு தாளும் எழுதி வாங்குங்கள்.