கேட்வேக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

மலர்விழி: சர்வர் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றின் அமெரிக்கக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். கைப்பேசி எண்ணோடு `@txt.att.net` சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினால் அது குறுஞ்செய்தியாகப் போய்விடும் என்று ஒரு பகுதி. நடுவில் இருக்கும் கேட்வேக்கு "நுழைவாயில்" என்று போட்டிருக்கிறேன். சரியா?

இளங்குமரன்: நுழைவாயில் என்றால் உள்ளே போவது மட்டும்தானே அம்மா. இது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடத்துகிறது. "கடவை" என்போம். இலங்கையில் பாதசாரிக் கடவை என்றே சொல்கிறார்கள். கடவுச்சீட்டு, கடவுச்சொல் எல்லாம் இதே வேர். கடவுளையும் இங்கே சேர்ப்பவர்கள் உண்டு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

கணேசன்: வங்கி ஓடிபி வருவதும் இப்படித்தானா? எனக்கு நேற்று வரவே இல்லை.

துரை: இல்லை கணேசன், அது வேறு வழி. மலர்விழி, சொல் இருக்கட்டும், அந்தப் பகுதியே பழசு. அந்த முகவரிக்குரிய தொலைபேசி நிறுவனமான ஏடி&டி 2025 ஜூன் 17 அன்று இந்தச் சேவையை மூடிவிட்டது. அது இருந்த காலத்திலேயே நான் பட்டிருக்கிறேன். நியூ ஜெர்சியில் இரவு இரண்டு மணிக்கு எங்கள் சர்வரில் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றது, கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை. காலையில் லாக் பார்த்தால்:

```
status=sent (250 2.0.0 Ok)
```

அந்த 250க்கு, கேட்வே மடலை வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே பொருள். கைப்பேசிக்குப் போனதா என்று அதற்குமேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

செந்தில்: போகவில்லை என்றால் மடல் திரும்பி வருமே அண்ணா?

துரை: எண் தப்பு என்றால் சில சமயம் வரும் தம்பி. ஸ்பேம் வடிகட்டியில் மாட்டினால் சத்தமில்லாமல் தொலையும். சர்வர் கவிழும்போது ஒரே மாதிரி இருபது எச்சரிக்கை அடுத்தடுத்துப் போகும், வடிகட்டிக்கு அது ஸ்பேம் மாதிரியே தெரியும். அதாவது வேண்டிய நேரத்தில்தான் காலை வாரும். அப்புறம், எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தால் @க்குப் பின்னால் உள்ள முகவரியே தப்பாகிவிடும்.

இளங்குமரன்: அப்படியானால் "தூது" என்று சொல்லவே கூடாது. தூது இலக்கியத்தில் போனவர் தலைவனிடம் மாலை வாங்கி வர வேண்டும். இது மாலை இல்லாமல் போகிறது! கடவைதான்.

செந்தில்: கடவை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது ஐயா. கேட்வே என்றே எழுதலாம்.

மலர்விழி: நுழைவாயிலையே வைக்கிறேன், கையேட்டில் நாற்பது இடத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பகுதியையே எடுத்துவிடலாமா என்று நிறுவனத்திடம் கேட்கிறேன். துரை, பதிலுக்கு எதைச் சொல்ல?

துரை: அனுப்பியது சேர்ந்ததா என்று திருப்பிச் சொல்லும் எஸ்எம்எஸ் ஏபிஐ. யாரும் "பார்த்தேன்" என்று அழுத்தாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடுத்தவருக்குத் தொலைபேசி அழைப்பு.

இளங்குமரன்: நாற்பது இடத்தையும் ஒரே நொடியில் மாற்றலாம் அம்மா. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.