ஆபீஸ் கம்ப்யூட்டரை ராத்திரி தூங்க வைப்பது எப்படி?

வணக்கம். மூன்று பேர் கணக்கு எழுதும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. பில் ஃபைல்கள் இருக்கும் டெஸ்க்டாப்பை யாரும் அணைப்பதே இல்லை. பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். மானிட்டர் அணைந்து சும்மா கிடக்கும்போதே 60 வாட். வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கு சுமார் 525 யூனிட்! நாங்கள் இருப்பதோ 300 நாள், தினம் 9 மணி நேரம். அதற்கு 162 யூனிட்தான். மீதி ஆளில்லாத அறைக்கு.

30 நிமிடத்தில் ஸ்லீப் என்று வைத்தேன், போகவில்லை. காலையில் கேபினெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு. `powercfg /requests` கொடுத்தால் `srvnet` என்று வருகிறது. பக்கத்து கம்ப்யூட்டர் ஷேர் ஃபோல்டரைத் திறந்தே வைத்திருக்கிறது போல. ராத்திரி ஸ்லீப் போய், காலை 9 மணிக்குத் தானாக எழுகிற மாதிரி யாராவது செட் செய்திருக்கிறீர்களா?