பேங்க் சார்ஜைக் கழித்துவிட்டு அனுப்பிய கஸ்டமரிடம் பாக்கியைக் கேட்ட அனுபவம்

மைவிழி

நான் ஒரு சின்ன நிறுவனத்தின் வரவு கணக்கைப் பார்க்கிறேன். வெளிநாட்டு கஸ்டமர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவருக்கு 4,800 டாலருக்கு இன்வாய்ஸ் போயிருந்தது. எங்கள் கணக்கில் வரவானது 4,742. கேட்டதற்கு அவர்கள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரே வரியில் பதில்: "பேங்க் சார்ஜ் போக அனுப்பிவிட்டோம், எங்கள் பக்கம் இந்த இன்வாய்ஸ் முடிந்தது."

58 டாலர் துண்டு விழுந்ததும் "58 அனுப்புங்கள்" என்று மெயில் தட்டுவதுதான் பலரின் வழக்கம். நான் அப்படிச் செய்வதில்லை. அந்த 58 ஒரே கையில் போயிருக்காது என்பது என் எண்ணம். யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் கேட்டால், "எங்கள் வங்கி பிடிக்கவில்லை, உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்று திருப்பி விடுவார்கள். அதன்பின் பேச்சே நகராது.

அதனால் எங்கள் வங்கியில் அந்தப் பணத்தோடு வங்கிக்கு வங்கி வந்த ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்கினேன். கணக்கு ஸ்டேட்மென்டில் வரவான தொகை மட்டும்தான் இருக்கும். கதை முழுக்க இந்த நகலில் இருக்கிறது. இது பழைய வடிவில், 2025 மார்ச்சில் வந்தது. எனக்குத் தேவைப்பட்டவை நான்கே வரிகள்:

```
:32A:250312USD4752,
:33B:USD4770,
:71A:SHA
:71F:USD18,
```

33B என்பது கஸ்டமர் தன் வங்கியிடம் அனுப்பச் சொன்ன தொகை. இன்வாய்ஸ் 4,800 இருக்க, அவர்கள் சொன்னதே 4,770. ஆக 30 டாலரை எந்த வங்கியும் எடுக்கவில்லை. தங்கள் வங்கிக்குக் கொடுத்த கட்டணத்தை நம் தொகையிலிருந்து அவர்களே கழித்துக்கொண்டார்கள். 71A-வில் உள்ள SHA, அனுப்புபவர் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் ஏற்கும் முறை. 71F வரியில் உள்ள 18 வழியில் இருந்த வங்கி பிடித்தது. 32A-வில் உள்ள 4,752 எங்கள் வங்கியின் கைக்கு வந்தது. அதிலிருந்து எங்கள் வங்கி தன் வரவுக் கட்டணமாக 10 எடுத்துவிட்டு 4,742-ஐ வரவு வைத்தது.

எங்கள் இன்வாய்ஸின் அடியில், பணம் பெறும் வங்கியின் கட்டணம் தவிர மற்ற எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவரைச் சேர்ந்தது என்று ஒரு வரி உண்டு. கஸ்டமர் ஆர்டரை உறுதிசெய்தபோது அதையும் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வரியின்படி 30-ம் 18-ம் அவர்கள் பாடு, 10 எங்கள் பாடு. ஆகவே நான் கேட்டது 48. எங்கள் பங்கை நாங்களே ஏற்றுக்கொண்டோம் என்று மெயிலிலேயே தெரிந்ததால் எதிர்ப்பக்கம் வாதத்துக்கு அதிகம் இடமில்லாமல் போனது.

நான் எழுதியதன் சாரம்:

"உங்கள் 4,770 டாலர் பணம் வந்து சேர்ந்தது, நன்றி. இன்வாய்ஸ் தொகை 4,800. நீங்கள் அனுப்பச் சொன்ன தொகையிலேயே 30 குறைவு. வழியில் 18 பிடிக்கப்பட்டுள்ளது. எங்கள் வங்கி எடுத்த 10-ஐ நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட கட்டண விதிப்படி 48 டாலர் பாக்கி நிற்கிறது. இதைத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த இன்வாய்ஸ் பணத்தோடு சேர்த்து அனுப்பி, குறிப்பில் இரண்டு இன்வாய்ஸ் எண்களையும் போடுங்கள். அடுத்த முறை, வழியில் பிடிக்கும் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் OUR முறையைத் தேர்வு செய்யுங்கள். ஸ்விஃப்ட் நகலும் இன்றைய தேதிக் கணக்கு அறிக்கையும் இணைத்துள்ளேன்."

தனியாக அனுப்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 48 டாலரைத் தனி வயரில் அனுப்பினால் அவர்களுக்கு மறுபடி 30 செலவு, வழியில் மறுபடி பிடித்தம், இங்கே மறுபடி 10. வந்து சேர்வது 20 டாலர்தான். தொடர்ந்து ஆர்டர் தருகிற கஸ்டமரிடம் அடுத்த பணத்தோடு சேர்த்துக் கேட்பதுதான் சரி. ஒரே ஆர்டரோடு போகிறவர் என்றால் கார்டு மாதிரி வேறு வழியைக் காட்ட வேண்டியிருக்கும்.

அதுவரை இன்வாய்ஸை மூடவில்லை. 4,752-ஐ அதில் வரவு வைத்து, 10-ஐ வங்கிச் செலவில் எழுதி, 48-ஐ அப்படியே திறந்து வைத்தேன். கிரெடிட் நோட் போட்டு நேர் செய்துவிடலாம் என்று ஆபீஸில் ஒரு யோசனை வந்தது. போட்டால் பாக்கியை நாமே தள்ளுபடி செய்ததாகிவிடும், பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

கல்லாப்பெட்டி

இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. இன்வாய்ஸில் பெரிய எழுத்தில் OUR என்று போட்டுவிடுங்கள், முழுத்தொகை வந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன். இத்தனை காலத்தில் பெரிய பிரச்சினை வந்ததில்லை.

முன்னாள் கவுன்டர்

கல்லாப்பெட்டி சார் சொல்வதில் பாதி சரி. OUR, SHA, BEN மூன்றில் எதைத் தேர்வு செய்வது என்பது பணம் அனுப்புபவர் கையில் இருக்கிறது. நாம் இன்வாய்ஸில் எழுதுவது அவரிடம் வைக்கும் நிபந்தனை; அவர் வங்கி நம் இன்வாய்ஸைப் பார்ப்பதில்லை. அவர் படிவத்தில் SHA என்று டிக் அடித்தால் SHA-தான் போகும். பல வங்கிகளின் ஆன்லைன் பக்கத்தில் முன்கூட்டியே SHA தேர்வாகி நிற்கும், யாரும் மாற்றுவதில்லை.

OUR போட்டும் இடைவங்கி ஒன்று கையை வைத்த சம்பவங்களை நான் வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் கஸ்டமர் மேல் தவறில்லை. பாக்கியை அவரிடம் கேட்கும்போதே, அவர் வங்கியில் விசாரணை போடச் சொல்லலாம். அனுப்பிய பணத்துக்கு UETR என்ற 36 எழுத்து அடையாள எண் இருக்கும். அதைக் கொடுத்தால் எந்த வங்கியில் எவ்வளவு குறைந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மைவிழி மேடம் காட்டிய நகலில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். 71A-வில் BEN என்று இருந்திருந்தால் படம் வேறு. அப்போது 33B-யில் 4,800 என்றே நிற்கும், அனுப்பும் வங்கியின் 30-ம் ஒரு 71F வரியாக வரும். கஸ்டமர் முழுத்தொகை அனுப்பச் சொன்னது போலத் தோன்றும். ஆனால் BEN என்பது எல்லாக் கட்டணத்தையும் பெறுபவர் தலையில் கட்டும் தேர்வு, அதைச் செய்தவர் அவர். ஆகவே 33B-ஐயும் 71A-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2025 நவம்பருக்குப் பிறகு வங்கிகளுக்கு இடையே இந்தச் செய்தி புது வடிவில்தான் போகிறது. நகல் கேட்டால் InstdAmt, IntrBkSttlmAmt, ChrgBr என்ற பெயர்களைத் தேடுங்கள். முறையே 33B, 32A, 71A செய்த வேலையைச் செய்பவை. OUR இருந்த இடத்தில் DEBT, SHA-வுக்கு SHAR, BEN-க்கு CRED.

ஆனந்தமாலை

எனக்கும் இதே பிரச்சினைதான். என் கஸ்டமர் ஒவ்வொரு முறையும் பேங்க் சார்ஜ் என்று சொல்லிக் கழிக்கிறார். 2,000-க்கு 200 குறைத்தார், 3,500-க்கு 350 குறைத்தார். மைவிழி அக்கா மாதிரி நானும் மெயில் போடலாமா?

மைவிழி

போடலாம், ஆனால் இந்த மெயில் உங்களுக்குப் பொருந்தாது. வயர் கட்டணம் பெரும்பாலும் ஒரே தொகையாக இருக்கும். இன்வாய்ஸ் பெரிதானால் அதே கணக்கில் கூடாது. உங்களுக்கு இரண்டு முறையும் சரியாகப் பத்து சதவீதம் குறைந்திருக்கிறது. அது பிடித்தம் செய்த வரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் ஆபீஸில் பணம் அனுப்புபவருக்கே அது தெரியாமல் பேங்க் சார்ஜ் என்று எழுதியிருக்கலாம். வரி என்றால் கேட்க வேண்டியது பாக்கியை அல்ல, வரி கட்டியதற்கான சான்றிதழை. அது கையில் இருந்தால் உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். "என்ன கழித்தீர்கள், எந்த விதியின் கீழ்?" என்று முதலில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

முன்னாள் கவுன்டர்

சரியாகச் சொன்னீர்கள். சதவீதம் முழு எண்ணாக இல்லாமல் ஒன்றிரண்டுக்குள் ஊசலாடினால் நாணய மாற்றமாகவும் இருக்கலாம். டாலர் இன்வாய்ஸுக்கு அவர் தன் நாட்டுப் பணத்தில் அனுப்பி, வழியில் மாறியிருக்கும்.

தேனீர் நேரம்

தவறாக நினைக்க வேண்டாம், 48 டாலருக்காக நல்ல கஸ்டமரின் மனதைக் கெடுக்க வேண்டுமா? நான் என்றால் விட்டுவிட்டு அடுத்த முறை விலையில் ஏற்றிவிடுவேன். அவருக்கும் தெரியாது, நமக்கும் நஷ்டமில்லை.

மைவிழி

ஒரு முறை என்றால் எனக்கும் அப்படித் தோன்றும். ஆனால் இவர் மாதாமாதம் ஆர்டர் தருகிறவர். கேட்காமல் விட்டால் அவர்கள் கணக்குப் பிரிவில் "இவர்களுக்குக் கழித்துக்கொண்டு அனுப்பலாம்" என்பது வழக்கமாகிவிடும். கழித்தவரும் முதலாளி இல்லை, பணம் அனுப்பும் ஊழியர். நான் எழுதியதும் அவருக்குத்தான், முதலாளிக்கு நகல்கூடப் போடவில்லை. அதனால் மனக்கசப்புக்கு இடம் வரவில்லை. விலையில் ஏற்றினால் ஒழுங்காக முழுத்தொகை அனுப்பும் மாதத்திலும் அவர் அதிகம் கொடுப்பார். அதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

வடக்குவாசல்

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். என் கஸ்டமர் 40 டாலர் குறைத்து அனுப்பியதோடு, பணக் குறிப்பிலேயே "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிவிட்டார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் பாக்கியைக் கேட்கும் உரிமை போய்விடுமா?

முன்னாள் கவுன்டர்

பணம் தானாக வரவாகிவிட்டது, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியதல்ல. ஆனாலும் சும்மா இருக்காதீர்கள். பார்த்த அன்றே "பகுதித் தொகையாக வரவு வைத்துள்ளோம், 40 டாலர் பாக்கி" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தொகையிலேயே முன்பு தகராறு இருந்ததா என்பதும் முக்கியம்.

கல்லாப்பெட்டி

நான் கேள்விப்பட்டவரை அப்படி எழுதி அனுப்பிய பணத்தைச் செலவழித்தாலே முடிந்தது.

முன்னாள் கவுன்டர்

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்று பார்க்க வேண்டும், அதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். 40 டாலருக்கு வழக்கறிஞர் கட்டணம் கட்டுமா என்பது வேறு கேள்வி.

வடக்குவாசல்

மெயில் இன்றே போடுகிறேன். மைவிழி மேடம், உங்கள் 48 வந்ததா?

மைவிழி

30-ஐ அடுத்த பணத்தோடு சேர்த்து அனுப்பினார்கள், எந்தப் பேச்சும் இல்லை. 18-க்கு மட்டும் "நாங்கள் SHA தேர்வு செய்தோம், வழியில் நடந்தது எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். ஆர்டர் உறுதிசெய்த படிவத்தில் அந்த விதி வரியைக் குறித்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இந்த முறை OUR போட்டிருக்கிறார்கள், வழியில் எதுவும் பிடிக்கப்படவில்லை.