புதுப்பிப்பு: இரு கணினி ஒளிபரப்பில் படம் திக்கியதன் காரணம்

என் முந்தைய கேள்வி: "விளையாட்டுக் கணினியிலிருந்து, வீட்டு வலையமைப்பில் படத்தைக் கடத்தும் என்டிஐ வழியாக ஒளிபரப்புக் கணினிக்கு அனுப்பும் படம் ஏன் விட்டு விட்டு வருகிறது?"

2.5 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கச் சொன்ன நண்பர் பாதி சரி. தடை வலையமைப்பில்தான் இருந்தது, ஆனால் ஸ்விட்சில் அன்று. பிட்ரேட்டைக் குறைக்கச் சொன்னவர், வீட்டுக்கு வெளியே யூடியூபுக்குச் செல்லும் ஓடையை மனத்தில் வைத்துப் பேசினார். இரு கணினிகளிலும் பவர்ஷெல்லில் இதை இடச் சொன்ன அண்ணனே முடிச்சை அவிழ்த்தார்.

```
Get-NetAdapter | Select Name, LinkSpeed
```

ஒளிபரப்புக் கணினி 1 Gbps என்றது. விளையாட்டுக் கணினியோ 100 Mbps என்றது. 1080பி, 60 பிரேம் படத்துக்கு என்டிஐ வினாடிக்கு ஏறத்தாழ 130 மெகாபிட் கேட்பதால், அசைவு மிகுந்த காட்சிகளில் பிரேம்கள் உதிர்ந்திருக்கின்றன.

கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு கம்பி இணைகளும் வேண்டும்; நூறு மெகாபிட்டுக்கு இரண்டே போதும். கதவிடுக்கில் நசுங்கிய என் கேபிளில் ஓர் இணை அறுந்திருந்ததால், இணைப்பு அறுபடாமல் சத்தமின்றி வேகம் மட்டும் இறங்கியிருக்கிறது. (கதவைச் சாத்தியது நானே.) கேட்6 கேபிள் மாற்றியதும் திக்கல் நின்றது.

வைஃபையில் இதே முறை தனக்குச் சிக்கலின்றி ஓடுவதாகத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அவர் அனுப்புவது 720பி, 30 பிரேம்; அதற்கு இவ்வளவு வேகம் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்குப்பின் ஒலி சற்றே முந்துவது மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.